மேல்தாடை முதல் மோலார்: முக்கோணத்தைப் பிடித்தால் முழுப் பதிலும் வரும்

முதலாண்டு பிடிஎஸ் டென்டல் அனாடமி தேர்வில் பெரிய கேள்வியாக வரும் பற்களில் மேல் முதல் மோலாருக்கு எப்போதும் இடம் உண்டு. ஐந்து பக்கங்களின் வர்ணனையையும் தனித்தனியாக மனப்பாடம் செய்பவர்கள் பாதியில் மெசியலையும் டிஸ்டலையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். அதனால் இங்கே வேறு வழியில் போகிறேன். இந்தப் பல்லுக்குள் ஒரு முக்கோணம் இருக்கிறது. மெசியோபக்கல், டிஸ்டோபக்கல், மெசியோலிங்குவல் என்ற மூன்று கஸ்ப்களும் சேர்ந்ததுதான் அது. நான்காவதான டிஸ்டோலிங்குவல் பின்னால் ஒட்டிக்கொண்ட ஒன்று. கஸ்ப், ரிட்ஜ், வேர், கேனால் எல்லாவற்றையும் இந்த ஒரு படத்திலிருந்தே எழுதிவிடலாம்.

அறிமுகப் பத்தியில் இவை கட்டாயம் இருக்க வேண்டும். எஃப்டிஐ முறையில் வலது பல் 16, இடது பல் 26. யுனிவர்சல் முறையில் 3, 14. பிறக்கும்போதே கால்சிஃபிகேஷன் தொடங்கிவிடுகிறது, எனாமல் 3 முதல் 4 வயதில் முடிகிறது, பல் 6 வயதில் முளைக்கிறது, வேர் 9 முதல் 10 வயதில் முழுமையாகிறது. எந்தப் பால் பல்லும் விழாமலே, இரண்டாம் பால் மோலாருக்குப் பின்னால் முளைக்கும் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். இதனால்தான் நம் ஊரில் பல பெற்றோர் இதையும் பால் பல் என்றே நினைத்து, சொத்தை வந்தாலும் விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். மேல்தாடையில் பொதுவாக இதுதான் மிகப் பெரிய பல். கிரீடத்தின் உயரம் 7.5 மி.மீ, மெசியோடிஸ்டல் அகலம் 10 மி.மீ, பக்கோலிங்குவல் அகலம் 11 மி.மீ, பக்கல் வேர்கள் 12 மி.மீ, பேலட்டல் வேர் 13 மி.மீ. இந்த ஐந்து எண்கள் போதும். பக்கோலிங்குவல் அளவுதான் பெரியது என்பதை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள், கீழ் முதல் மோலாரில் அது தலைகீழ்.

இனி அக்லூசல் பக்கம். பெரும்பாலானோர் பக்கல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள், அதில் தவறில்லை. ஆனால் மனதுக்குள் முதலில் வரைய வேண்டியது இதைத்தான். மேலிருந்து பார்த்தால் வடிவம் ராம்பாய்டு, அதாவது ஒரு பக்கமாகச் சாய்ந்த நாற்கரம். மெசியோபக்கல் மூலையும் டிஸ்டோலிங்குவல் மூலையும் குறுங்கோணம், மற்ற இரண்டும் விரிகோணம். பக்கோலிங்குவல் அகலம் மெசியல் பக்கம் அதிகம், டிஸ்டல் பக்கம் குறைவு. மெசியோடிஸ்டல் அகலமோ லிங்குவல் பக்கம் அதிகம், பக்கல் பக்கம் குறைவு. கிரீடம் லிங்குவல் பக்கம் போகப் போகக் குறுகுவதுதான் மற்ற பற்களில் வழக்கம், இந்தப் பல் அந்த வழக்கத்துக்கு விலக்கு. மெசியோலிங்குவல் கஸ்ப் அவ்வளவு பெரியதாக இருப்பதுதான் காரணம். காரணத்தையும் சேர்த்து எழுதினால் பதிலுக்கு எடை கூடும்.

கஸ்ப்களின் அளவு வரிசை இது: மெசியோலிங்குவல், மெசியோபக்கல், டிஸ்டோபக்கல், டிஸ்டோலிங்குவல், கடைசியாக காராபெல்லி. முக்கோணத்தின் மூன்றும் முதல் மூன்று இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டாம், மூன்றாம் மோலாருக்குப் போகப் போகச் சிறுத்துக் காணாமல் போவதும் அந்த டிஸ்டோலிங்குவல் கஸ்ப்தான், முக்கோணம் நிலைத்து நிற்கும். வாயை மூடும்போது கீழ் முதல் மோலாரின் சென்ட்ரல் ஃபோஸாவில் போய் உட்காருவது மெசியோலிங்குவல் கஸ்ப். மெசியோபக்கல் கஸ்ப் கீழ் முதல் மோலாரின் பக்கல் குரூவுக்கு நேராக நிற்கும். ஆங்கிள் 1899-ல் வகுத்த கிளாஸ் 1 உறவு இதை வைத்துத்தான், மூன்றாம் ஆண்டில் ஆர்த்தோடான்டிக்ஸ் படிக்கும்போது இந்த வரி மறுபடி உங்களைத் தேடி வரும்.

ஐந்தாவது கஸ்ப் பற்றி: மெசியோலிங்குவல் கஸ்பின் லிங்குவல் சரிவில், அதன் முனையிலிருந்து ஏறக்குறைய 2 மி.மீ கீழே ஒரு சிறு மேடு இருக்கும். வியன்னாவில் ஆஸ்திரியப் பேரரசரின் பல் மருத்துவராக இருந்த கேயோர்க் காராபெல்லியின் பெயரில் அது காராபெல்லி கஸ்ப் எனப்படுகிறது. சிலருக்கு முழுக் கஸ்பாகத் துருத்தி நிற்கும், சிலருக்கு வெறும் குழியோ கோடோதான். எல்லோருக்கும் இருக்காது, மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும், மானுடவியலாளர்கள் இதை ஆர்வமாகப் பார்ப்பது அதனால்தான். இது மென்று அரைப்பதில் பங்கெடுக்கும் கஸ்ப் இல்லை. அதனால் 'நன்கு வளர்ந்த நான்கு கஸ்ப்கள், கூடுதலாக ஒரு துணைக் கஸ்ப்' என்று எழுதுவதே சரி, 'ஐந்து கஸ்ப்கள்' என்று மொட்டையாக எழுத வேண்டாம்.

முக்கோணத்தின் ஒரு பக்கம்தான் அப்லீக் ரிட்ஜ். மெசியோலிங்குவல் கஸ்பின் டிஸ்டல் கஸ்ப் ரிட்ஜும் டிஸ்டோபக்கல் கஸ்பின் ட்ரையாங்குலர் ரிட்ஜும் சந்தித்து உருவாவது. இது மேல் மோலார்களுக்கே உரியது, கீழ் மோலாரில் தேடினாலும் கிடைக்காது. 'அப்லீக் ரிட்ஜ் எந்தெந்த ரிட்ஜ்கள் சேர்ந்தது?' என்பது வைவாவில் நம்பிக்கையோடு எதிர்பார்க்கலாம். மெசியோபக்கல், மெசியோலிங்குவல் கஸ்ப்களின் ட்ரையாங்குலர் ரிட்ஜ்கள் சேர்ந்தது ட்ரான்ஸ்வர்ஸ் ரிட்ஜ். அதையும் இதையும் குழப்ப வேண்டாம்.

ஃபோஸாக்கள் நான்கு. அப்லீக் ரிட்ஜுக்கு மெசியல் பக்கம் சென்ட்ரல் ஃபோஸா, டிஸ்டல் பக்கம் நீளவாக்கில் டிஸ்டல் ஃபோஸா, இவை பெரியவை. மெசியல், டிஸ்டல் ட்ரையாங்குலர் ஃபோஸாக்கள் சிறியவை, மார்ஜினல் ரிட்ஜ்களை ஒட்டி இருக்கும். குரூவ்களில் சென்ட்ரல் பிட்டிலிருந்து பக்கல் பக்கம் போவது பக்கல் குரூவ், மெசியல் பக்கம் போவது சென்ட்ரல் குரூவ். டிஸ்டோலிங்குவல் கஸ்பை முக்கோணத்திலிருந்து வெட்டிப் பிரிப்பது டிஸ்டல் அப்லீக் குரூவ், அது லிங்குவல் பக்கம் இறங்கினால் லிங்குவல் குரூவ் ஆகிவிடும், ஏறக்குறைய கிரீடத்தின் நடுவில் முடியும்.

மற்ற பக்கங்களைச் சுருக்கமாகவே எழுதலாம். பக்கல் பக்கத்தில் மெசியோபக்கல் கஸ்ப் அகலமானது, டிஸ்டோபக்கல் குறுகலாகக் கூர்மையானது, நடுவில் பக்கல் குரூவ். லிங்குவல் பக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு மெசியோலிங்குவல் கஸ்புக்கே, மீதி டிஸ்டோலிங்குவலுக்கு. கிரீடத்தின் அதிகபட்சப் பிதுக்கம் பக்கல் பக்கம் செர்விகல் மூன்றிலொன்றில், லிங்குவல் பக்கம் நடு மூன்றிலொன்றில். மெசியலில் செர்விகல் கோடு ஏறக்குறைய 1 மி.மீ வளையும், டிஸ்டலில் கிட்டத்தட்ட நேர்கோடு. டிஸ்டல் மார்ஜினல் ரிட்ஜ் மெசியலை விடத் தாழ்ந்து இறங்கும், அதனால் டிஸ்டல் பக்கத்திலிருந்து பார்த்தால் அக்லூசல் பரப்பு அதிகம் தெரியும்.

வேர்கள் மூன்று: மெசியோபக்கல், டிஸ்டோபக்கல், பேலட்டல். பேலட்டல் வேர்தான் நீளமும் வலிமையும், அது நாக்குப் பக்கம் விரிந்து போய், நுனியில் பக்கல் பக்கம் திரும்பும். அதன் லிங்குவல் பரப்பில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். டிஸ்டோபக்கல்தான் மிகச் சிறியது. பக்கலிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கல் வேர்களும் குறடின் கைப்பிடிகள் போல ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து நிற்கும். மெசியோபக்கல் வேரைப் பற்றி எழுதும்போது நிறுத்தி எழுதுங்கள்: மெசியோடிஸ்டலாகத் தட்டையாக ஒடுங்கி, பக்கோலிங்குவலாக அகன்ற வேர் இது. இந்த ஒரு வாக்கியம் அடுத்து கேனால் பகுதிக்குத் தேவைப்படும்.

வேர் பிரியாத பகுதி ரூட் ட்ரங்க், செர்விகல் கோட்டிலிருந்து சுமார் 4 மி.மீ தாண்டித்தான் பிரிவு தொடங்கும். மூன்று வேர் என்பதால் ஃபர்கேஷன் வாசல்களும் மூன்று, பக்கல், மெசியல், டிஸ்டல். மெசியோபக்கல் வேர் அகலமாக மறைத்து நிற்பதால் மெசியல் வாசலைப் பேலட்டல் பக்கத்திலிருந்துதான் புரோப் எட்டும். வேர் நுனிகள் மாக்ஸிலரி சைனஸின் தளத்துக்கு மிக அருகில் இருப்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பல் எடுக்கும்போது உடைந்த வேர் உள்ளே தள்ளப்படும் ஆபத்து இங்கேதான். நரம்பைக் கேட்டால்: மெசியோபக்கல் வேருக்குப் பெரும்பாலும் மிடில் சுப்பீரியர் ஆல்வியோலார் நரம்பு, மற்ற இரண்டுக்கும் போஸ்டீரியர் சுப்பீரியர் ஆல்வியோலார்.

சரி, கேனால்கள். 'மூன்று வேர், மூன்று கேனால்' என்று முடிப்பதுதான் இந்தக் கேள்வியில் அதிகம் மார்க் இழக்கும் இடம். பல்ப் சேம்பர் பக்கோலிங்குவலாக அகன்றது, கூரையில் நான்கு பல்ப் ஹார்ன்கள், அதில் மெசியோபக்கல் ஹார்ன் உயரமானது. சேம்பரின் தளத்தில் மூன்று முக்கிய வாய்கள் மறுபடியும் அதே முக்கோணமாக நிற்கும். பேலட்டல் கேனால் மிகப் பெரியது, நுழைவதற்கு எளிது. டிஸ்டோபக்கல் வேரில் வழக்கமாக ஒரே கேனால். மெசியோபக்கல் வேர் பக்கோலிங்குவலாக அகன்றது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த அகலத்துக்குள்ளேதான் பாதிக்கும் மேற்பட்ட பற்களில் இரண்டாவது கேனால் இருக்கிறது. எம்பி2 என்று அழைக்கப்படுவது இதுதான். முதல் கேனாலான எம்பி1-இலிருந்து பேலட்டல் வாயை நோக்கி ஒரு கோடு இழுத்தால், 2 முதல் 3 மி.மீ தூரத்தில், அந்தக் கோட்டுக்குச் சற்று மெசியலாக அதன் வாய் இருக்கும். அதன் மேல் ஒரு டென்டின் திட்டு மூடிக்கொண்டிருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். உள்ளே போனபின் இரண்டும் நுனிக்கு முன் சேர்ந்து ஒரே துளையில் முடியலாம், அல்லது தனித்தனித் துளைகளில் முடியலாம். எம்பி2-வைத் தவறவிடுவது இந்தப் பல்லின் ரூட் கேனால் சிகிச்சை தோற்பதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இதனால்தான் அக்சஸ் கேவிட்டி வெறும் முக்கோணமாக நிற்காமல், எம்பி2-வையும் உள்ளடக்க மெசியல் பக்கம் விரிந்து ராம்பாய்டு வடிவம் எடுக்கிறது. அது பெரும்பாலும் அப்லீக் ரிட்ஜுக்கு மெசியல் பக்கத்திலேயே இருக்கும். வலுவான அந்த ரிட்ஜை அநாவசியமாக வெட்டத் தேவையில்லை. பேலட்டல் வேர் நுனி பக்கல் பக்கம் திரும்புகிறது என்று சொன்னதற்கும் இங்கே பொருள் உண்டு. எக்ஸ்ரே கதிர் வரும் திசையிலேயே அந்த வளைவு இருப்பதால், படத்தில் கேனால் நேராகத்தான் தெரியும்.

பிராக்டிகலில் தனிப் பல் கையில் கொடுத்தால், வேர்கள் மேலே, இரண்டு வேருள்ள பக்கல் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். அகலமான மெசியோபக்கல் கஸ்பும் வேரும் உங்கள் வலப்பக்கம் வந்தால் அது 16, இடப்பக்கம் வந்தால் 26. சந்தேகம் இருந்தால் அக்லூசல் பக்கம் திருப்பி அப்லீக் ரிட்ஜைப் பாருங்கள், அது மெசியோலிங்குவலிலிருந்து டிஸ்டோபக்கலுக்கு ஓடுவதால் எந்த மூலை மெசியல் என்பதை அதுவே காட்டிவிடும்.