கானல்வரி: மாதவி பாடிய காவிரிப் பாடல்கள் (வகுப்பு ஒலிப்பதிவின் சுருக்கம்)

மயிலாடுதுறை மாலை வகுப்பில் ஆசிரியர் நடத்திய சிலப்பதிகாரப் பாடத்தின் ஒலிப்பதிவிலிருந்து, தேர்வுக்கு வேண்டியவை மட்டும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. புகார்க் காண்டத்தின் ஏழாம் பகுதியாகிய கானல்வரியில், கங்கையையும் கன்னியையும் சோழன் கூடினாலும் காவிரி ஊடமாட்டாள் என்று கோவலன் முதலில் பாடுகிறான். மாதவியின் பாடல்கள் அதற்கு மறுமொழியாதலால், இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்தினார்.

பாடல் 1

மருங்கு வண்டு சிறந்தார்ப்ப மணிப்பூ ஆடை அதுபோர்த்துக்
கருங்கயற்கண் விழித்தொல்கி நடந்தாய் வாழி காவேரி
கருங்கயற்கண் விழித்தொல்கி நடந்த எல்லாம் நின்கணவன்
திருந்து செங்கோல் வளையாமை அறிந்தேன் வாழி காவேரி

பொருள்: இரு பக்கமும் வண்டுகள் மிகுந்து ஒலிக்க, அழகிய பூவாடை போர்த்து, கயல்மீன்களாகிய கரிய கண்களை விழித்து அசைந்து நடந்தாய், அவ்வாறு நடந்ததெல்லாம் உன் கணவனாகிய சோழனின் செங்கோல் வளையாததனால் என்று அறிந்தேன்.

நயம்: ஆறு இயல்பாக ஓடுவதற்கு அரசனின் செங்கோன்மையைக் காரணமாக ஏற்றிச் சொல்வதால் இது தற்குறிப்பேற்ற அணி. பூவை ஆடையாகவும் கயலைக் கண்ணாகவும் கொண்டது உருவகம். ‘கயற்கண்’ என்பது பெண்ணைக் குறித்தால் உவமைத்தொகையாகும்; இங்கே ஆற்றின் மீன்களே கண்களாதலால் அது பொருந்தாது. தேர்வில் பலர் தவறுவது இவ்விடத்தில்தான். மருங்கு, கருங்கயல், திருந்து என்பவை அடியெதுகை.

பாடல் 2 (‘பூவர் சோலை மயிலாட’)

சோலையில் மயில் ஆட, குயில் விரும்பிப் பாட, அழகிய மாலைகள் அருகில் அசைய நீ நடந்தது, உன் கணவனுடைய அச்சம் தரும் வேலின் ஆற்றலைக் கண்டதனால். ‘நாம்’ அச்சப்பொருள் தரும் உரிச்சொல். அணி முன்னையதே.

பாடல் 3 (‘வாழி அவன்தன் வளநாடு’)

சோழவளநாட்டைக் குழந்தையாக வளர்க்கும் தாயாகி, ஊழிதோறும் உயிர்களைக் காக்கும் பேருதவியை நீ ஒழியாதிருப்பது, ஆணைச் சக்கரம் உடைய சோழனின் அருளே. ‘பகல்வெய்யோன்’ என்பதற்கு நடுவுநிலையை விரும்புவோன் என்றும், கதிரவன் மரபினன் என்றும் பொருள் கொள்ளலாம். வாழி, ஊழி, ஆழி என எதுகை அமைந்துள்ளது. ஆடிப்பெருக்கன்று நம் படித்துறைகளில் காவிரிக்குக் காதோலை, கருகமணி வைத்துப் படைக்கும் வழக்கத்தை ஆசிரியர் இங்கே நினைவூட்டினார்; விடைத்தாளில் அதை எழுத வேண்டியதில்லை.

மீள்பார்வைக் குறிப்பு

மூன்று பாடல்களிலும் இரண்டாம் அடியின் சொற்கள் மூன்றாம் அடியில் அதே பொருளில் மீண்டும் வருவது சொற்பொருட்பின்வருநிலையணி. ‘வாழி’ வியங்கோள் வினைமுற்று. ‘திருந்து செங்கோல்’ வினைத்தொகை. நெடுவினாவில், கணவனின் கோல் வளையாததே காவிரியின் பெருமித நடைக்குக் காரணம் என்னும் புகழ்ச்சி, கோவலன் பாட்டுக்கு எதிராக எப்படித் திரும்புகிறது என்பதை விளக்க வேண்டும்; தொடர்ந்து மாதவி பாடியவற்றையும் கேட்ட கோவலன், அவள் மனம் வேறொருவன்மேல் சென்றதாகக் கருதிப் பிரிந்து செல்வதை அதனோடு இணைத்து எழுதுக.