கருத்தறிதல்: ‘வந்துச்சா?’

உயர்நிலை மூன்று • 20 மதிப்பெண் • 40 நிமிடம்

மாணவர்களே, பயிற்சித்தாளை இரண்டு படங்களாக எடுத்து அனுப்பியிருக்கிறேன். முதல் படத்தின் கடைசி வாக்கியம் பாதியில் நிற்கும். மீதி இரண்டாவது படத்தில் இருக்கிறது. சென்ற வாரம் சிலர் முதல் படத்தோடு நிறுத்திவிட்டு விடை எழுதியது நன்றாகவே தெரிந்தது. இந்த முறை அது நடக்காது. பனுவலை முழுதும் படித்தபின் வினாக்களுக்குச் சொந்த நடையில் விடை எழுதுக.

பக்கம் 1

எங்கள் வீட்டுக் கதவருகே சாவி மாட்ட மூன்று கொக்கிகள் இருக்கின்றன. தாத்தா அவற்றை ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. காலை நடை முடிந்து வந்தால் சாவியை யாராவது ஒருவர் கையில்தான் கொடுப்பார். கொடுப்பதும் சும்மா இல்லை. நம் உள்ளங்கையில் வைத்து, விரலை எடுக்காமல், “வந்துச்சா?” என்று கேட்பார். “வந்துச்சு” என்று சொன்னால்தான் விடுவார்.

ஒரு நாள் நான் திறன்பேசியைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் நீட்டினேன். பதில் சொல்ல மறந்துவிட்டேன். தாத்தா அப்படியே நின்றார். லிஃப்ட் இரண்டு முறை வந்து போனது. கடைசியில் எனக்குத்தான் கை வலித்தது.

“கொக்கியில மாட்டிட்டுப் போங்களேன், அடுப்புல கத்திரிக்கா தீயுது!” என்று பாட்டி திட்டுவார். திட்டிக்கொண்டே கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “வந்துச்சு, வந்துச்சு” என்பார். அம்மாவுக்கு இதில் வேறு கவலை. “வயசாயிட்டா இப்படித்தான். சாவிய எங்க வெச்சோம்னு மறந்துடுமோன்னு பயம்,” என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அப்பா இணையத்தில் தேடி எண் பூட்டு ஒன்றை வாங்கினார். ஆறு எண்களை அழுத்தினால் கதவு திறக்கும், சாவியே வேண்டாம். பெட்டி வந்து இறங்கியது. பூட்டைப் பொருத்துபவர் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு.

தாத்தா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல யார் கையில யார் குடுக்கிறது?” என்று மட்டும் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

தாத்தா ரயிலில் வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்ன வேலை என்று கேட்டதில்லை. டிக்கெட் கிழித்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். பாதை நெடுக மக்கள் நின்று கையசைத்தார்கள். இரண்டு வயதுக் குழந்தையான என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாவும் போயிருக்கிறார். தாத்தா மட்டும் வரவில்லை. அவருக்குக் காய்ச்சல் என்று அப்பா சொல்வார். “காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்பார் பாட்டி. அதற்குமேல் அவரும் சொல்ல மாட்டார்.

போன சனிக்கிழமை, பழைய ரயில் பாதையில் நடப்பது பற்றிப் பள்ளியில் ஒரு பணித்திட்டம் கொடுத்திருந்தார்கள். துணைக்கு வருவீர்களா என்று தாத்தாவைக் கேட்டேன். அவர் உடனே சட்டை மாற்றப் போனார். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கி நடந்தோம். இரும்புப் பாலம் கண்ணில் பட்டதும் தாத்தாவின் நடை மெதுவானது. புக்கிட் தீமா பழைய நிலையத்தை அடைந்தபோது, அவர் கட்டடத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் தண்டவாளத்தின் ஓரம் போய், ஒரு காலை முன்னால் வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே

பக்கம் 2

உயர்த்தி நின்றார். சைக்கிளில் வந்த ஒருவர் தமக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

“இங்கதான் நிப்பேன்,” என்றார் தாத்தா. “கையில பெரிய வளையம் இருக்கும். அதுல ஒரு தோல் பை. பைக்குள்ள டோக்கன்.”

அப்புறம் அவரே விளக்கினார். ஒற்றைத் தண்டவாளம், இரண்டு பக்கமிருந்தும் வண்டி வரும். டோக்கன் எந்த ஓட்டுநர் கையில் இருக்கிறதோ, அவருக்கு மட்டும்தான் பாதை. இரண்டு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை இன்னொன்றை எடுக்கவே முடியாது. வண்டி இங்கே நிற்காது, வேகத்தைக் குறைக்கும். ஓட்டுநர் பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டு, புதியதை நம் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போவார். எல்லாம் இரண்டு மூச்சு நேரம்.

“தவறி விழுந்துட்டா?”

தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு தடவை. நல்ல மழை. அவர் புடிச்சுட்டாருன்னு நெனச்சு நான் விட்டுட்டேன். அவர் புடிக்கல. வண்டி கொஞ்ச தூரம் போய் நின்னுடுச்சு. லாந்தர வெச்சுக்கிட்டு லாலான் புல்லுக்குள்ள தேடுறேன், தேடுறேன். உள்ள அத்தனை பேரு உக்காந்திருக்காங்க. ஜன்னல் வழியா ஒரு சின்னப் புள்ள என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “ஒண்ணும் ஆகல. கிடைச்சுது, குடுத்தேன், வண்டி போச்சு. வீட்டுக்குப் போயி உங்க பாட்டிகிட்ட மட்டும் சொன்னேன்.”

திரும்பும்போது, கடைசி ரயில் அன்று ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“அடுத்த வண்டிக்குத்தானேம்மா கைய நீட்டுவோம்,” என்றார். அதற்குள் ஐஸ்கிரீம் வண்டி வந்துவிட்டது. எனக்கு ரொட்டியில் வைத்த சாக்லேட் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததுமே வீட்டு வாசல் தெரியும். பாட்டி அங்கே நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது, ஆனால் பாட்டி திட்டவில்லை. தாத்தா சாவியை எடுப்பதற்கு முன்பே அவருடைய கை நீண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, “பாட்டி, இன்னைக்கு நான் வாங்கிக்கிறேன்” என்றேன்.

அப்பா வாங்கிய எண் பூட்டு இன்னும் செருப்பு அலமாரியின் மேலே, பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. அதன்மேல் பாட்டி ஒரு பூச்சட்டி வைத்திருக்கிறார்.

வினாக்கள்

1. தாத்தா சாவியைக் கையில் கொடுப்பதற்கு அம்மா கூறிய காரணம் என்ன? அது தவறு என்பதை இரண்டாம் பக்கத்திலுள்ள எந்த நிகழ்ச்சி காட்டுகிறது? (3)

2. “இதுல யார் கையில யார் குடுக்கிறது?” இக்கேள்விக்கு வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. பழைய நிலையத்துக்குப் போய் வந்த கதைசொல்லி அதற்கு இப்போது என்ன விளக்கம் சொல்வாள்? (3)

3. தாத்தா கடைசி ரயிலைப் பார்க்க வராததற்கு அப்பா ஒரு காரணம் சொல்கிறார், பாட்டி அதை மறுக்கிறார். உண்மையான காரணத்தை, தாத்தா கூறிய ஒரு வாக்கியத்தைக் கொண்டு விளக்குக. (3)

4. சைக்கிளில் சென்றவரும் முதல் பக்கத்தில் வரும் அம்மாவும் ஒரே வகையான தவற்றைச் செய்கிறார்கள். அது என்ன? (2)

5. ரயில் ஜன்னலில் தெரிந்த குழந்தையைத் தாத்தா ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறார்? (2)

6. தாத்தாவின் பழக்கத்துக்கான காரணம் பாட்டிக்கு முன்பே தெரியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் தருக. ஒன்று முதல் பக்கத்திலிருந்தும் மற்றொன்று இரண்டாம் பக்கத்திலிருந்தும் இருக்கவேண்டும். (3)

7. எண் பூட்டைப் பொருத்த வேண்டாம் என்று யார் முடிவு செய்தார் என்பது பனுவலில் இல்லை. உங்கள் கருத்தில் அது யாராக இருக்கலாம்? பனுவல் முழுவதிலிருந்தும் காரணங்கள் காட்டி எழுதுக. தகுந்த சான்றுடன் எவரைச் சொன்னாலும் முழு மதிப்பெண் உண்டு. (4)