வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும்: படங்களிலிருந்து தொகுத்த அட்டவணை

மெய்ப்புப் பார்க்கும் நண்பர்களுக்கு,

நூலகத்தில் இருந்த பழைய பள்ளி இலக்கண நூலின் புணர்ச்சிப் பகுதியைத் தம்பி படமெடுத்து அனுப்பியிருந்தான். அட்டையும் முன்பக்கங்களும் கிழிந்துபோனதால் நூற்பெயர் இல்லை. படம் 1 முதல் 6 வரை ‘மிகும் இடங்கள்’. 7 முதல் 11 வரை ‘மிகா இடங்கள்’. விலக்கு எதையும் ஆசிரியர் விலக்கு என்று சொல்லவில்லை. ‘அந்தப் பையன்’ முதல் படத்தில் இருக்கிறது, ‘அது பறந்தது’ ஏழாம் படத்தில் இருக்கிறது; இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது படிப்பவர் பாடு. அந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததுதான் இந்த அட்டவணை.

சதுர அடைப்புக்குள் இருப்பவை நான் சேர்த்தவை. தையல் மடிப்பு எழுத்தை விழுங்கிய இடங்களும், நூலில் உதாரணமே இல்லாத இடங்களும் அவை.

1. சுட்டு, வினா (படம் 1, 7)

| விதி | எடுத்துக்காட்டு | விலக்கு |
|---|---|---|
| அ, இ, எ பின் மிகும் | அப்பையன், இக்காலம், எத்திசை | அது, இது, எது, அவை, இவை, எவை பின் மிகாது: அது பறந்தது, எவை போயின |
| அந்த, இந்த, எந்த பின் மிகும் | அந்தக் காலம், எந்தத் தெரு | அத்தனை, இத்தனை, எத்தனை பின் மிகாது: எத்தனை பழங்கள் |
| அங்கு, இங்கு, எங்கு பின் மிகும் | அங்குச் சென்றான் | அவ்வளவு, இவ்வளவு, எவ்வளவு பின் மிகாது: எவ்வளவு பெரியது |
| அப்படி, இப்படி, எப்படி பின் மிகும் | அப்படிச் செய் | எச்சத்தோடு வரும் ‘படி’ பின் மிகாது: சொன்னபடி செய்தான், [வரும்படி கூறினார்] |

கடைசி வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நம் பக்கங்களில் ‘கேட்டபடிச் சென்றார்’ என்று அடிக்கடி வருகிறது. ‘அப்படிச்’ பழகிய கை அது.

2. வேற்றுமை (படம் 2, 3, 8)

| விதி | எடுத்துக்காட்டு | விலக்கு |
|---|---|---|
| ‘ஐ’ வெளிப்பட நின்றால் மிகும் | கதவைத் திற, பாலைக் குடி | ‘ஐ’ மறைந்தால் மிகாது: தமிழ் கற்றான், கதை கேட்டாள் |
| ‘கு’ வெளிப்பட நின்றால் மிகும் | வீட்டுக்குப் போனான், எனக்குத் தெரியும் | நூலில் இல்லை |
| உருபும் பயனும் சேர்ந்து மறைந்தால் மிகும் | தயிர்க்குடம் (தயிரை உடைய குடம்) | நூலில் இல்லை |
| ஆறாம் வேற்றுமைத் தொகையில் அஃறிணை பின் மிகும் | கிளிக்கூடு, புலித்தோல் | உயர்திணை பின் மிகாது: தம்பி கை |
| ஓடு, இருந்து, அது ஆகிய உருபுகள் பின் மிகாது | அண்ணனோடு போனான், மரத்திலிருந்து பறித்தான், எனது கை | நூலில் இல்லை |

3. உகர ஈறு (படம் 4, 5, 8, 9)

நூலில் நெருக்கியடித்து அச்சான பகுதி இதுதான். படம் 5-இன் அடிப்பாதியில் விரல் நிழல் வேறு.

| விதி | எடுத்துக்காட்டு | விலக்கு |
|---|---|---|
| வன்றொடர்க் குற்றியலுகரம் பின் மிகும் | பத்துப்பாட்டு, எட்டுத்தொகை, கொக்குப் பறந்தது | கீழே குறிப்பு |
| மென்றொடர் பின் அல்வழியில் மிகாது | வண்டு பறந்தது, பாம்பு கடித்தது | வேற்றுமையில் மிகும்: பாம்புத்தோல், குரங்குக்குட்டி, மருந்துக்கடை |
| மென்றொடரில் சில வன்றொடராகும் | இரும்பு + பாதை = இருப்புப்பாதை | பல அப்படியே நிற்கும்: மருந்துப்பை (நன்னூல் 184) |
| நெடில்தொடர், உயிர்த்தொடரில் ட, ற இரட்டி மிகும், வேற்றுமையில் | ஆட்டுக்கால், ஆற்றுப்பாலம், வயிற்றுப்பசி (நன்னூல் 183) | அல்வழியிலும் சில இரட்டும்: முரட்டுக்காளை |
| எட்டு, பத்து பின் மிகும் | எட்டுப் பேர், பத்துப் பழம் | மற்ற எண்கள் பின் மிகாது: இரண்டு பேர், ஐந்து பழம், ஒன்பது கோள் |
| தனிக்குறிலை அடுத்த உகரம் பின் மிகும் | பசுத்தோல், திருக்கோவில், பொதுப்பணி | அது, இது, எது. எழுவாயாக நின்றாலும் மிகாது: [பசு பாய்ந்தது] |

கொக்கைப் பற்றிய குறிப்பு: நான்காம் படம் ‘கொக்குப் பறந்தது’ என்கிறது. எட்டாம் படம், எழுவாய்த் தொடரில் மிகாது என்று சொல்லி ‘தம்பி போனான்’ என்று காட்டுகிறது. இரண்டும் மோதுவதை நூலாசிரியர் கண்டுகொள்ளவில்லை. ‘வன்றொடர் அல்லன முன்மிகா அல்வழி’ என்பது நன்னூல் 181. வன்றொடர் அல்லாதவை அல்வழியில் மிகா என்றால், வன்றொடர் மிகும் என்றுதான் ஆகிறது. ஆக, மரபுப்படி கொக்குக்குப் ‘ப்’ உண்டு. இன்று பத்திரிகையில் யாரும் அப்படி எழுதுவதில்லை. எழுவாய்க்குப் பின் ஒற்றுப் போட்டால் வாசகர் அதைப் பிழையென்றே நினைப்பார். நம் இதழில் ‘கொக்கு பறந்தது’ என்றே விடுவோம். பழைய உரையை மேற்கோளாக எடுக்கும்போது ஒற்றைத் தொட வேண்டாம்.

4. எச்சம் (படம் 5, 6, 10)

| விதி | எடுத்துக்காட்டு | விலக்கு |
|---|---|---|
| அ, இ, ய் ஈற்று வினையெச்சம் பின் மிகும் | வரச் சொன்னான், ஓடிப் போனான், போய்ச் சேர்ந்தான் | ‘க’ ஈற்று வியங்கோள் பின் மிகாது: வாழ்க தமிழ் |
| வன்றொடர் உகர வினையெச்சம் பின் மிகும் | படித்துப் பார்த்தான், கேட்டுக் கொண்டான் | மற்ற உகர எச்சம் பின் மிகாது: வந்து போனான், செய்து கொடுத்தான், அழுது தீர்த்தாள் |
| பெயரெச்சம் பின் மிகாது | வந்த பையன், படித்த புத்தகம், [பெரிய கதவு] | ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் பின் மிகும்: ஓடாக் குதிரை, அழியாப் புகழ் |

இரண்டாம் வரிசைக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது: கடைசி ‘து’வுக்கு முன்னால் என்ன எழுத்து என்று பார்த்தால் போதும். ‘படித்து’வில் த், மிகும். ‘வந்து’வில் ந், மிகாது. ‘செய்து’வில் ய், மிகாது. டு, று வந்தாலும் இதே கணக்கு: ‘கேட்டு’ மிகும், ‘கண்டு’ மிகாது. மூன்றாம் வரிசையில் ‘ஓடாத குதிரை’ என்று முழுசாக எழுதினால் ஒற்று போய்விடும். ‘த’ இருக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம்.

5. தொகை, மற்றவை (படம் 6, 11)

| விதி | எடுத்துக்காட்டு | விலக்கு |
|---|---|---|
| பண்புத்தொகை, இருபெயரொட்டு, உவமைத்தொகையில் மிகும் | பச்சைக்கிளி, மல்லிகைப்பூ, மலர்க்கண் | வினைத்தொகை, உம்மைத்தொகையில் மிகாது: ஊறுகாய், சுடுகாடு, தாய்தந்தை, செடிகொடி |
| ஓரெழுத்து ஒருமொழி பின் மிகும் | தீப்பெட்டி, பூப்பறித்தாள், கைக்குழந்தை | ‘பூ’ முன் இனமெல்லெழுத்தும் வரும்: பூங்கொடி (நன்னூல் 200) |
| இனி, தனி, சால பின் மிகும் | இனிப் பேசு, தனிக்குடித்தனம், சாலச் சிறந்தது | நூலில் இல்லை |
| அடுக்குத்தொடர், இரட்டைக்கிளவியில் மிகாது | பாம்பு பாம்பு, கலகல | நூலில் இல்லை |
| ‘கள்’ சேரும்போது மிகாது | [எழுத்துகள், வாழ்த்துகள்] | ஓரெழுத்து, தனிக்குறில் அடுத்த உகரம் பின் மிகும்: பூக்கள், பசுக்கள், தெருக்கள் |

‘வாழ்த்துக்கள்’ சரியா என்று இனியும் கேட்பீர்கள். வன்றொடர் என்பதால் ‘க்’ வரட்டும் என்போரும் உண்டு. விகுதிக்கு அந்த விதி பொருந்தாது என்போரும் உண்டு. நூலில் விதி இருக்கிறது, உதாரணம் மடிப்புக்குள் போய்விட்டது. தலைப்பில் ‘வாழ்த்துகள்’, கட்டுரையாளர் வேறு மாதிரி எழுதி, கட்டுரை முழுக்க ஒரே மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள்.

படம் 9-இன் மேல் மூன்று வரிகள் மங்கல். இடைத்தொடர் பற்றியவை என்று மட்டும் தெரிகிறது, அதனால் அட்டவணையில் ஏற்றவில்லை. தம்பி சனிக்கிழமை நூலகம் போகிறான். அந்தப் பக்கத்தை ஜன்னலோரம் வைத்து மறுபடி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.