கிழக்கு அறையின் அளவுகளை எழுத்தில் தருமாறு வேண்டும் கடிதம்

திண்டுக்கல்,
12.06.2025

அனுப்புநர்: செ. கலைவாணி, திண்டுக்கல்.
பெறுநர்: திரு. இராமநாதன், வீட்டு உரிமையாளர், மதுரை.

பொருள்: முதல் மாடி, கிழக்குப் படுக்கையறையின் அளவுகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வரும் ஜூலை 1 முதல் தங்கள் வீட்டின் முதல் மாடியில் குடியிருக்க முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதியிருக்கிறோம். கிழக்கு அறையில் சுவர் அலமாரி இல்லாததால், பிளைவுட்டில் ஒரு வார்ட்ரோப் செய்யச் சொல்லலாம் என்று இருக்கிறோம். அதன் அகலம் 6 அடி, உயரம் 7 அடி, ஆழம் 2 அடி. விலை 46,500 ரூபாய். பலகையை அறுத்துவிட்டால் அளவை மாற்றவோ பணத்தைத் திருப்பித் தரவோ முடியாது என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நானே வந்து அளந்துகொள்ளலாம்தான். ஆனால் இப்போது குடியிருப்பவர்கள் மாதக் கடைசியில்தான் காலி செய்கிறார்கள், அதுவரை அவர்களுடைய படுக்கையறைக்குள் டேப்பும் கையுமாக நுழைவது முறையாகாது. ஆகவே, கீழ்த்தளத்திலேயே இருக்கும் தாங்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி, அளந்து எழுதித் தர வேண்டுகிறேன்.

அறை 12-க்கு 10 என்று தாங்கள் சொன்னது நினைவிருக்கிறது. எனினும் வரைபடத்து அளவைவிட, பூச்சுக்குப் பிறகு சுவருக்குச் சுவர் உள்ள உள் அளவே எனக்கு வேண்டும். வார்ட்ரோப் நிற்கப்போகும் தெற்குச் சுவரின் மூலையில் தூண் எத்தனை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கிறது, தரையோரம் ஒட்டியுள்ள ஸ்கர்ட்டிங் டைல் எவ்வளவு தடிமன், சுவிட்ச்போர்டு மூலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பனவற்றையும் குறிப்பிட்டால் நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியமானது பரணின் அடிப்பாகம் தரையிலிருந்து எத்தனை அடி என்பது. 7 அடி உயரமும் 2 அடி ஆழமும் உள்ள பெட்டியைப் படுக்கவைத்து நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 7 அடி 3.5 அங்குலம் வரும் என்பதால், பரண் அதற்குக் கீழே இருந்தால் அந்தச் சுவரோரம் நிமிர்த்த முடியாது. அறைக் கதவின் நிலைக்குள் உள்ள அகலத்தையும் உயரத்தையும், மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

வாய்மொழியாகச் சொன்னால் போதாதா என்று தாங்கள் நினைக்கலாம். முன்பு இருந்த வீட்டில் "தாராளமாகப் போகும்" என்ற சொல்லை நம்பி வாங்கிய கட்டில், படி திரும்பும் இடத்திலேயே சிக்கி, கால்களைக் கழற்றித்தான் மேலே போனது. கையெழுத்துடன் ஒரு தாள் இருந்தால் தச்சரிடம் அப்படியே கொடுத்துவிடுவேன். தங்கள் மீது எந்தப் பொறுப்பையும் சுமத்துவதற்காக அல்ல.

மற்றொன்று: வார்ட்ரோப் சாயாமல் இருக்கச் சுவரில் இரண்டு திருகாணிகள் அடிக்க வேண்டியிருக்கும். அதற்குத் தங்கள் அனுமதியையும், அந்தச் சுவருக்குள் வயர் குழாய் எங்கே போகிறது என்பதையும் அதே தாளில் குறித்துவிட்டால் உதவியாக இருக்கும். காலி செய்யும்போது துளைகளை அடைத்து வண்ணம் பூசித் தருவது என் பொறுப்பு.

ஆடி பிறப்பதற்குள் அறையை ஒழுங்குபடுத்திவிட எண்ணியிருப்பதால், ஜூன் 21, சனிக்கிழமைக்குள் கடைக்கு அளவு கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய நாளுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
செ. கலைவாணி