தடுப்பூசிக் குளிர்பதனச் சேமிப்பு: ஆரம்ப சுகாதார நிலைய நடைமுறை

பொருந்தும் இடம்: ஒரு சிறிய ஐ.எல்.ஆர்., ஒரு சிறிய டீப் ஃப்ரீசர் உள்ள நிலையம்.
பொறுப்பு: மருந்தாளுநர். அவர் விடுப்பில் இருந்தால் பகுதி சுகாதார செவிலியர். மேற்பார்வை மருத்துவ அலுவலர்.

1. இயந்திரங்கள்
இரண்டும் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, வெயில் படாத இடத்தில், தனித்தனி ஸ்டெபிலைசரோடு இருக்க வேண்டும். பிளக்கை வேறு எதற்கும் கழற்றக் கூடாது. உறைபனி 5 மி.மீ. தாண்டினால் பனி நீக்கவும். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

2. அடுக்குதல்
தடுப்பூசி எல்லாம் ஐ.எல்.ஆரில்தான், +2 முதல் +8 டிகிரி செல்சியஸில். டீப் ஃப்ரீசர் ஐஸ் பேக் உறைய வைக்க மட்டுமே.

கூடையில் மட்டும் வைக்கவும். ஐ.எல்.ஆரின் அடித்தளமே மிகக் குளிர்ந்த பகுதி. கூடையை எடுத்துவிட்டுப் பெட்டியைத் தரையில் வைத்தால் பென்டாவேலன்ட் உறைந்துபோகும். கூடையின் கீழ்ப்பகுதியில் போலியோ சொட்டு மருந்து, பி.சி.ஜி., எம்.ஆர்.; மேல்பகுதியில் பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.பி.டி., டி.டி., ஐ.பி.வி., பி.சி.வி. பெட்டிகளுக்கிடையே காற்றோட்டத்துக்கு இடம் விடவும். காலாவதி நெருங்கியது முன்னே. கரைப்பான் பயன்படுத்துவதற்கு 24 மணி நேரம் முன்பே ஐ.எல்.ஆருக்குள் இருக்கட்டும். உணவு, குடிநீர், பிற மருந்து கூடாது.

3. வெப்பநிலை
காலை, மாலை இரு வேளையும், ஞாயிறு உட்பட, தெர்மாமீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடவும். லாகர் இருந்தாலும் இதை விடக் கூடாது. நேற்றைய எண்ணையே பார்த்து எழுதுவது பதிவேடு இல்லாததைவிடக் கெடுதல்.

4. உறைதல்
சூட்டை வி.வி.எம். காட்டிவிடும்: உட்சதுரம் வெளிவட்டத்தின் நிறத்துக்கு வந்தால் குப்பியை ஒதுக்கலாம். உறைந்து உருகிய குப்பியை அது காட்டாது. பார்வைக்கு நல்ல குப்பிதான், ஆனால் வீரியம் போயிருக்கும். எனவே 2 டிகிரிக்குக் கீழ் என்றால் உடனே தெர்மோஸ்டாட்டைச் சரிசெய்து மருத்துவ அலுவலரிடம் சொல்லவும். 0-க்குக் கீழ் போயிருந்தால், மேல்பகுதித் தடுப்பூசிகளைத் தனியே எடுத்து, ‘பயன்படுத்தாதே’ என்று ஒட்டி, ஐ.எல்.ஆருக்குள்ளேயே வைத்து, மாவட்டக் குளிர்பதனப் பிரிவின் முடிவுக்குக் காத்திருக்கவும். முழுதும் உறைந்த குப்பியைச் சோதிக்கத் தேவையில்லை, கழித்துவிடவும்.

5. புதன்கிழமை முகாம்
ஐஸ் பேக்கில் குறியீடு வரை மட்டும் நீர், உப்பு போடாதீர்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் கேரியருக்குள் அடுக்க வேண்டாம். வெளியே வைத்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அப்போதுதான் நான்கையும் துடைத்து வைக்கவும். அவசரத்தில் அதிகம் தவறுவது இந்தப் படியில்தான். குப்பிகள் ஜிப் பையில் இருக்கட்டும்.

6. மின்தடை
மூடியைத் திறக்க வேண்டாம், ஐ.எல்.ஆரின் பனிச்சுவர் பல மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டரை இயக்கவும். 8 டிகிரியை நெருங்கினால், சலசலக்கும் ஐஸ் பேக் அடுக்கிய கோல்ட் பாக்ஸுக்கு மாற்றி, நேரத்தைப் பதிவேட்டில் எழுதவும். அதற்காகவே டீப் ஃப்ரீசரில் எப்போதும் உறைந்த பேக்குகள் இருப்பு இருக்க வேண்டும்.