ஐகன் மதிப்புக் கணக்குகள்: செவ்வாய்க்கிழமை தேர்வுக்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாமாண்டு மெக்கானிக்கல் 'பி' பிரிவு மாணவர்களுக்கு,

மாதிரித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்துவிட்டேன். முதல் அலகில் முறை தெரியாமல் மதிப்பெண் இழந்தவர்கள் மிகக் குறைவு. தொடக்கத்தில் ஒரு குறியைத் தவறவிட்டு, அந்தத் தவறோடே நான்கு பக்கம் எழுதியவர்கள்தான் அதிகம். இந்த வகைக் கணக்கில் ஒவ்வொரு படியிலும் விடை சரியா என்று அப்போதே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அந்த வழிகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு நாம் வகுப்பில் போட்ட அணி:

```
     |  8  -6   2 |
A =  | -6   7  -4 |
     |  2  -4   3 |
```

சிறப்பியல்புச் சமன்பாடு. λ³ − s₁λ² + s₂λ − s₃ = 0. குறிகள் கழித்தல், கூட்டல், கழித்தல் என்று மாறி மாறி வரும். s₁ மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல்: 18. s₂ மூலைவிட்டச் சிற்றணிக்கோவைகளின் கூடுதல்: (56−36) + (24−4) + (21−16) = 45. s₃ = |A| = 40 − 60 + 20 = 0. |A| கணக்கிடும்போது நடு உறுப்புக்கு முன்னால் வரும் கழித்தல் குறியை மறப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. இங்கே அந்த உறுப்பே −6 என்பதால் அது +6 ஆக வர வேண்டும்.

கணக்கு எளிதாகட்டும் என்று A-வின் மேல் நிரைச் செயல்களைச் செய்து, பிறகு ஐகன் மதிப்பு காணாதீர்கள். நிரைச் செயல் ஐகன் மதிப்புகளை மாற்றிவிடும். நேர்மாறு உள்ள எந்த அணியையும் நிரைச் செயல்களால் அலகு அணியாக்க முடியும். அது ஐகன் மதிப்புகளை மாற்றாது என்றால் அந்த அணிகள் எல்லாவற்றுக்கும் ஐகன் மதிப்பு 1 மட்டும்தான் இருக்க வேண்டும். λ-ஐப் போட்ட பிறகு, (A − λI)X = 0-ஐத் தீர்க்கும்போது நிரைச் செயல் தாராளமாகச் செய்யலாம்.

மூலங்கள். λ³ − 18λ² + 45λ = 0 என்பதிலிருந்து 0, 3, 15. கூட்டினால் 18, பெருக்கினால் 0. s₁, s₃ இரண்டோடும் பொருந்துகிறது. இதைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போக வேண்டாம். சமச்சீர் மெய் அணிக்கு ஐகன் மதிப்புகள் மெய்யெண்களாகவே இருக்கும். கலப்பெண் வந்தால் மேலே எங்கோ பிழை. கால்குலேட்டரில் மூலம் கண்டுபிடித்தாலும் காரணிப்படுத்தும் படியைத் தாளில் எழுதுங்கள், அதற்கு மதிப்பெண் உண்டு.

ஐகன் வெக்டர். அதிக மதிப்பெண் போகும் இடம் இது. λ = 3-க்கு:

```
 5x - 6y + 2z = 0
-6x + 4y - 4z = 0
 2x - 4y      = 0
```

முதல் இரண்டு சமன்பாடுகளைக் குறுக்குப் பெருக்கினால் 16, 8, −16 வரும். சுருக்கினால் (2, 1, −2). நடு உறுப்பின் வரிசையைப் பிசகினால் (2, −1, −2) என்று வந்து நிற்கும். பார்த்தால் சரியான விடை போலவே இருக்கும். அதனால்தான் பயன்படுத்தாத மூன்றாவது சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். சரியான வெக்டருக்கு 4 − 4 = 0. தவறானதற்கு 4 + 4 = 8. பத்து வினாடி வேலை இது.

குறுக்குப் பெருக்கலில் 0, 0, 0 வந்தால் பதற வேண்டாம், எடுத்த இரண்டு நிரைகளும் ஒன்றின் மடங்கு மற்றொன்று. வேறு இரண்டை எடுங்கள். மூன்று நிரைகளுமே மடங்குகள் என்றால் ஒரே சமன்பாடுதான் இருக்கிறது என்று பொருள். x = y = z = 0 தவிர வேறு தீர்வே இல்லை என்று வந்தால் λ தவறு அல்லது கழித்தலில் பிழை. λ பூஜ்ஜியமாக இருக்கலாம், ஐகன் வெக்டர் ஒருபோதும் பூஜ்ஜிய வெக்டர் ஆகாது. λ = 0-க்கு (1, 2, 2), λ = 15-க்கு (2, −2, 1). A சமச்சீர் என்பதால் மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். 2 + 2 − 4 = 0, 2 − 4 + 2 = 0, 4 − 2 − 2 = 0.

மதிப்பு திரும்ப வந்தால். இந்த அணியை எடுத்துக்கொள்ளுங்கள்:

```
|  6  -2   2 |
| -2   3  -1 |
|  2  -1   3 |
```

ஐகன் மதிப்புகள் 8, 2, 2. 8-க்கு (2, −1, 1). λ = 2-க்கு 2x − y + z = 0 என்ற ஒரே சமன்பாடு. x = 0 எனப் போட்டு (0, 1, 1), z = 0 எனப் போட்டு (1, 2, 0) என்று பலர் எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஐகன் வெக்டர்கள்தான். ஆனால் அவற்றின் புள்ளிப் பெருக்கல் 2, செங்குத்தில்லை. செங்குத்து உருமாற்றக் கணக்கில் அது உதவாது. மூன்றாவது வெக்டரை (a, b, c) என எடுத்து, முதல் இரண்டுக்கும் செங்குத்து என்று நிபந்தனை போடுங்கள்: 2a − b + c = 0, b + c = 0. விடை (1, 1, −1).

சமச்சீர் இல்லாத அணியில் திரும்ப வரும் மதிப்புக்கு இரண்டு வெக்டர் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. முதல் நிரை 2, 1, இரண்டாம் நிரை 0, 2 என்ற அணிக்கு (1, 0) ஒன்றுதான். அதை மூலைவிட்ட அணியாக்க முடியாது. அங்கே இரண்டாவது வெக்டரைக் கற்பனையாக எழுதாதீர்கள்.

இருபடி வடிவம். 8x² + 7y² + 3z² − 12xy − 8yz + 4zx என்று கொடுத்தால் −12, −8, 4 ஆகியவற்றைப் பாதியாக்கி அணியில் இரண்டு இடங்களிலும் எழுதுங்கள். பாதியாக்க மறந்தால் வேறு அணி, வேறு விடை, மொத்தக் கணக்கும் போச்சு. மேலே முதலில் போட்ட A இதே அணிதான். மூன்று வெக்டர்களின் நீளமும் 3, எனவே ஒவ்வொன்றையும் 3-ஆல் வகுத்து N-இன் நிரல்களாக எழுதுங்கள். NᵀAN-இன் மூலைவிட்டத்தில் 0, 3, 15 அதே வரிசையில் வர வேண்டும். 0, 27, 135 வந்தால் 3-ஆல் வகுக்க மறந்துவிட்டீர்கள், நீளத்தின் வர்க்கமான 9 பெருக்கப்பட்டிருக்கிறது. கேனானிக்கல் வடிவம் 3y₂² + 15y₃². தரம் 2, இண்டெக்ஸ் 2, சிக்னேச்சர் 2. ஒரு மதிப்பு பூஜ்ஜியம் என்பதால் இது பாசிட்டிவ் செமி டெஃபினிட். 'செமி' என்பதை விட்டுவிடாதீர்கள்.

கெய்லி–ஹாமில்டன். λ-வின் இடத்தில் A போடும்போது மாறிலியோடு I சேர வேண்டும். இரண்டாவது அணிக்கு A³ − 12A² + 36A − 32I = 0, எனவே A⁻¹ = (A² − 12A + 36I)/32. முதல் நிரை (8, 4, −4)/32 என வரும். அதை A-வின் முதல் நிரலோடு பெருக்கினால் 1, இரண்டாவதோடு 0. தேற்றத்தைச் சரிபார்க்கச் சொன்னால் A², A³ இரண்டையும் உண்மையிலேயே பெருக்கிக் காட்ட வேண்டும்.

இரண்டு மதிப்பெண் கேள்விகள். A⁻¹-க்கு 1/λ, A²-க்கு λ², A + 5I-க்கு λ + 5, adj A-க்கு |A|/λ (λ பூஜ்ஜியமில்லாதபோது). Aᵀ-க்கு அதே மதிப்புகள், ஆனால் A சமச்சீர் இல்லாதபோது பொதுவாக அதே வெக்டர்கள் அல்ல. A + B-இன் ஐகன் மதிப்புகள் தனித்தனி மதிப்புகளின் கூடுதல் என்று எழுதாதீர்கள், பொதுவாக அது தவறு.

மூன்று மணி நேரத்துக்கு 100 மதிப்பெண் என்றால் 16 மதிப்பெண் கேள்விக்கு 28 நிமிடம்தான். 12 நிமிடத்துக்குள் மூன்று λ-வும் கிடைக்கவில்லை என்றால் s₂-ஐயும் |A|-வையும் ஒருமுறை திரும்பப் போடுங்கள், பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.

திங்கட்கிழமை மாலை 4 முதல் 5 வரை வகுப்பறையில் இருப்பேன். 8, 2, 2 கணக்கை N வரை தாளில் போட்டு எடுத்து வாருங்கள், எங்கே நின்றீர்களோ அங்கிருந்து பார்ப்போம்.