பரிசுக்கான வெள்ளி மோதிரம், வளையல், சங்கிலி: அளவும் எடையும்

மூன்றுமே 92.5 வெள்ளி. கல் பதிக்காதவை, வேலைப்பாடும் குறைவு. கீழே உள்ள எடை, மெருகேற்றி முடித்த பின் தராசில் வைத்துப் பார்த்தது. கைவேலை என்பதால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

பட்டை மோதிரம்

பட்டையின் அகலம் 4 மி.மீ., தடிமன் 1.6 மி.மீ. உள்விட்டம் 16.5, 17.3, 18.2 மி.மீ. என மூன்று அளவில் கிடைக்கிறது. நடு அளவின் எடை சுமார் 3.9 கிராம். உள் ஓரத்தை லேசாக உருட்டியிருப்பதால் விரலில் உரசாது.

பரிசாக வாங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். 16.5-க்கும் 17.3-க்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் விரலைச் சுற்றி அளந்தால் அது இரண்டரை மி.மீ. வித்தியாசம், ஒன்று கழன்று விழும், இன்னொன்று மூட்டிலேயே நின்றுவிடும். நூல் சுற்றி அளக்க வேண்டாம், இழுத்தால் நீளும். என் அக்காவுக்கு நானே ஒருமுறை நூலில் அளந்து செய்த மோதிரம் அவள் சுண்டுவிரலுக்குத்தான் போனது.

அவருக்குத் தெரியாமல் அளக்க வேண்டுமா? அவர் வழக்கமாகப் போடும் மோதிரம் ஒன்றை ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தைச் சுருட்டி அதற்குள் விட்டு, கையை எடுங்கள். சுருள் தானாக விரிந்து மோதிரத்தின் உட்சுவரைத் தொட்டு நிற்கும். அப்படியே ஒட்டுநாடா ஒட்டி வெளியே எடுத்து, சுருளின் குறுக்களவை ஸ்கேலில் பாருங்கள். அதுதான் உள்விட்டம். எந்தக் கை, எந்த விரல் என்பதையும் கவனியுங்கள். இடது, வலது இரண்டும் ஒன்றுபோல இருப்பதில்லை.

வெயிலில் விரல் வீங்கும், குளிரில் சுருங்கும். நேராக விரலிலேயே அளப்பதாக இருந்தால் மாலையில் அளப்பது நல்லது. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். சின்ன மெல்லிய மோதிரத்தை வைத்து அளந்திருந்தாலும் அப்படியே. அகலப் பட்டை அதைவிட இறுக்கமாகத் தெரியும்.

உருட்டுக் கம்பி வளையல் (ஜோடி)

கம்பியின் தடிமன் 3 மி.மீ. திறப்பு இல்லாத முழு வட்டம்.

2.4: உள்விட்டம் 57.2 மி.மீ.
2.6: உள்விட்டம் 60.3 மி.மீ., ஒன்று சுமார் 14.5 கிராம், ஜோடி 29
2.8: உள்விட்டம் 63.5 மி.மீ.
2.10: உள்விட்டம் 66.7 மி.மீ.

இந்தப் புள்ளியைத் தசமப் புள்ளியாகப் படிக்காதீர்கள். 2.6 என்றால் இரண்டு அங்குலமும் ஒரு அங்குலத்தில் 16-இல் 6 பங்கும். அதனால் 2.10 என்பது 2.8-ஐவிடப் பெரியது. இதைத் தலைகீழாக நினைத்து வாங்கி, வளையலைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு.

மணிக்கட்டை அளந்து பயனில்லை. வளையல் தாண்ட வேண்டியது விரல் மூட்டுகளை. கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கம் மடக்கி, கையின் அகலமான இடத்தில் காகிதப் பட்டையைச் சுற்றி அளங்கள். 18 செ.மீ. வந்தால் 2.4, 19 வந்தால் 2.6, 20 வந்தால் 2.8. அவரிடம் இருக்கும் வளையல் கிடைத்தால் இன்னும் சுலபம்: உள் ஓரத்திலிருந்து எதிர் உள் ஓரம் வரை ஸ்கேல் வைத்தால் போதும். வளைந்துகொடுக்காத வளையல் இது, ஆகவே அரை மனதோடு சிறிய அளவை எடுக்காதீர்கள். கொஞ்சம் லூசாக இருந்தால் சத்தம்தான் கூடும்.

கண்ணிச் சங்கிலி

2 மி.மீ. கண்ணி, கொக்கியோடு. 45 செ.மீ. (4.8 கிராம்), 50 செ.மீ. (5.3 கிராம்). இரண்டிலும் பின்பக்கம் 5 செ.மீ. கூடுதல் கண்ணி தொங்கும், அதில் எந்தக் கண்ணியிலும் கொக்கியை மாட்டலாம். சராசரிக் கழுத்தில் 45 என்பது கழுத்தெலும்பை ஒட்டி நிற்கும். 50 அதற்குச் சற்றுக் கீழே இறங்கும். டாலர் கோத்துப் போடுவார் என்றால் 50.

அளவே தெரியாமல் யாருக்காவது கொடுப்பதென்றால் என் யோசனை சங்கிலிதான். மோதிரம் தான் வேண்டும் என்றால் 17.3 எடுத்துக் கொடுங்கள். பட்டையில் கல் இல்லாததால் வெட்டிப் பற்றவைத்து ஒரு அளவு கூட்டவோ குறைக்கவோ முடியும். பெற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் அனுப்பினால் செய்து தருகிறோம். வளையலை அப்படித் திருத்த முடியாது. போடாமல் இருந்தால் வேறு அளவு மாற்றித் தருவோம்.